குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி: சுற்றறிக்கை சொல்வது இதுதான்

தோட்டத்து அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஆபீஸ் வாசலில் மலாயில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் பலர் நின்று பார்த்துவிட்டு, 'சம்பளம் ஏறுதாமே' என்பதோடு போய்விடுகிறார்கள். வாக்கியங்கள் நீளம், சட்டச் சொற்களும் அதிகம். நான் அதை மூன்று முறை படித்துத்தான் எழுதுகிறேன். படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு வீட்டுப் பிள்ளைகள் இதை வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் தொகை. மாத அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. வாரம் ஆறு நாள் வேலை செய்து நாள் கூலி வாங்குபவருக்கு ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. இது 2025 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருந்த சிறு முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்ட் 1 வரை தவணை கொடுத்திருந்தார்கள். அந்தத் தவணையும் முடிந்துவிட்டது. அதனால் மூன்று நான்கு ஆட்களை வைத்துக் குலை வெட்டும் குத்தகைக்காரரும் 'நான் சின்ன ஆள்' என்று இனி சொல்ல முடியாது. 2020இல் பட்டணத்துக்கு 1,200, தோட்டப்புறத்துக்கு 1,100 என்று பிரித்து வைத்திருந்தார்கள், நினைவிருக்கும். இப்போது அந்தப் பாகுபாடு இல்லை. நம்மோடு வேலை செய்யும் நேப்பாள, இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் இதே சம்பளம்தான்.

அடுத்ததை நிதானமாகப் படியுங்கள். நம்மில் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

குலை வெட்டுவோர், பால் எடுப்போர், மருந்து அடிப்போர் பலருக்குச் சம்பளம் டன் கணக்கிலோ பீஸ் கணக்கிலோ வருகிறது. 'இது எங்களுக்கு இல்லை' என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கும் இருக்கிறது, சுற்றறிக்கையிலேயே அது எழுதியிருக்கிறது. வேலை நாள் எல்லாவற்றிலும் நீங்கள் பெரட்டுக்கு வந்து, கொடுத்த வேலையைச் செய்திருக்கிறீர்கள். ஆனால் காய் குறைந்த மாதம், டன் கணக்கில் 1,480 வெள்ளிதான் வருகிறது. அப்படியானால் மீதி 220 வெள்ளியைச் சேர்த்து 1,700 ஆக்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை. காய் அதிகமாகி 2,100 வந்தால் 2,100ம் உங்களுடையதே. நீங்களாக வேலைக்கு வராத நாளுக்கு மட்டும் கூலி குறையலாம்.

இன்னொன்று, 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். சீட்டில் அடிப்படை 1,500, வருகைப் படி 200, கூட்டினால் 1,700 சரியாகிவிட்டது என்று யாராவது கணக்குக் காட்டினால் அது தவறு. படி வேறு, அடிப்படை வேறு. ஓவர்டைம் காசையும் இதற்குள் சேர்க்கக் கூடாது.

ஆனால் கையில் வருவது 1,700க்குக் குறைவாக இருந்தால் உடனே சண்டைக்குப் போய்விடாதீர்கள். இ.பி.எஃப். பிடித்தம் மட்டுமே 187 வெள்ளி (மலேசியக் குடிமக்களுக்கு 11 விழுக்காடு), சொக்சோவும் உண்டு. இ.பி.எஃப்.-க்கு முதலாளி தன் பங்காக 221 வெள்ளி போட வேண்டும். அதைப் போட்டாரா என்று உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியவை. இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுங்கள். சீட்டே தராவிட்டால் கிராணியிடம் கேளுங்கள். எழுத்தில் கொடுக்க வேண்டியது சட்டப்படி கட்டாயம். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வந்ததா என்றும் பாருங்கள். அடிப்படைக் கட்டத்தில் என்ன தொகை என்று பாருங்கள். டன் கணக்குக்காரர்கள் வேலைக்குப் போன நாள்களை வீட்டுக் காலண்டரில் குறித்து வாருங்கள். பிறகு பேச அதுதான் துணை.

குறைவாக இருந்தால் முதலில் ஆபீஸில் கேளுங்கள், தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராக. பதில் இல்லையென்றால் ஈப்போவில் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஐ.சி., சம்பளச் சீட்டுகள், காலண்டர் குறிப்பு, இவற்றை எடுத்துப் போங்கள். வக்கீல் தேவையில்லை. கைப்பேசி தெரிந்த பிள்ளைகள் Working For Workers என்ற செயலி மூலமும் புகார் கொடுக்கலாம். இந்தச் சம்பளத்தைக் கொடுக்காத முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை. மரியாதையாக, நேராகக் கேளுங்கள்.

சீட்டைப் படிக்க முடியாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்குக் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். கணக்குப் போடத் தெரிந்த இரண்டு பிள்ளைகளோடு நானும் இருப்பேன். கடைசி மூன்று மாதச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

— படிப்பகப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்