மாட்டுப் பொங்கலுக்கு முன்னாடி ஒரு வார்த்தை: முக்கூடல் தீவனக் கடையிலிருந்து

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஜனவரி 16 வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல். பாப்பாக்குடி, இடைகால், அரியநாயகிபுரம் பக்கத்து ஆளுக புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள என்ன வேணும்னு சொல்லிட்டீங்கன்னா, சாயங்காலம் லோடு ஆட்டோ வரும்போது வீட்டுலயே இறக்கிருவோம். அஞ்சு மூட்டைக்கு மேல போனா வண்டி வாடகை இல்ல.

சரக்கு சொல்றதுக்கு முன்னாடி போன வருசம் எங்க தொழுவுல நடந்ததைச் சொல்லிருதேன். எட்டு லிட்டர் கறக்கிற கலப்புப் பசு. பொங்கல் விட்டு முடிச்சதும் வீட்டுப் பிள்ளைக, வந்த சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டு மதினின்னு ஆளுக்கு ஒரு கை ஊட்டிட்டாங்க. ஒரு கைதானேன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சது. கணக்குப் பாத்தா ஒரு குத்துப்போணி சர்க்கரைப் பொங்கல், ஒரு சீப்பு பழம். மறுநாள் காலையில அசை போடல, தண்ணி தொடல, புளிச்ச வாடையோட தண்ணியா கழிச்சுது. டாக்டர் வந்து காப்பாத்திட்டார். ஆனா பத்து நாளைக்குப் பால் பாதியாப் போச்சு. தீவனம் விக்கிறவன் வீட்டுலயே இப்படின்னு ஊரே சிரிச்சுது.

மாட்டு வயித்துல வைக்கோலைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர் இருக்கு. அரிசியும் வெல்லமும் திடீர்னு நிறையப் போனா வயிறு புளிச்சு அது செத்துரும். அதனால பெரிய மாட்டுக்கு ரெண்டு கை, கன்னுக்கு நாக்குல தடவுற அளவு போதும். ஊட்டுறது வீட்டுல ஒரே ஆளா இருக்கட்டும். முதல்ல வைக்கோலோ பச்சைப்புல்லோ வயிறு நிறையப் போட்டுட்டு அப்புறம் பொங்கல் குடுங்க. மிஞ்சின சோத்தைக் கழனித் தொட்டியில கொட்டாதீங்க, எல்லாத்துக்கும் மேல அதுதான் மோசம். அசை போடலன்னாலோ இடது பக்கம் உப்பினாலோ 1962-க்குப் போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். படுத்துக் கிடக்கிற மாட்டுக்கு மூங்கில் குழாய்ல எண்ணெய் கிண்ணெய் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும்.

இனி சரக்கு. கலப்புத் தீவனம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உளுந்தம்பொட்டு எல்லாம் இருக்கு. பண்டிகைக்குன்னு புதுத் தீவனத்துக்கு மாத்தணும்னா ஒரே நாள்ல மாத்தாம, பழசோட கலந்து ஒரு வாரத்துல கொண்டு வாங்க. பசுவுக்கு உடம்புக்காக ஒன்றரைக் கிலோ, அதுக்கு மேல ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, இதுதான் கணக்கு. எருமைக்கு ரெண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. பிசான அறுப்பு மாசிக்கு மேலதான், அதுவரைக்கும் வைக்கோல் இறுக்கம்தான். இருக்கிறதைப் பாத்துச் செலவழிங்க. அந்தக் குறையைத் தீவனத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பாக்காதீங்க. நான் விக்கிறவன்தான், இருந்தாலும் சொல்லுதேன். சொசைட்டியில பால் தரம் குறையுதுன்னு சொல்றவங்க தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் போட்டுப் பாருங்க. கிலோ 100 ரூபாய், இருபது நாள் வரும்.

கழுத்துக்கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கை, மணி எல்லாம் செவ்வாய்க்கிழமை வந்து இறங்குது. நைலான் கயிறு மலிவுதான், ஆனா கழுத்தை அறுக்கும். நூல் கயிறே வாங்குங்க. கொம்புக்குப் பூச காவியும், தண்ணியில கரைக்கிற வர்ணமும் இருக்கு. கதவுக்கு அடிக்கிற பெயிண்டு கேக்காதீங்க, நக்கினா கேடு. கொம்பு முளைக்கிற கன்னுக்கு மஞ்சளும் குங்குமமும் போதும். மாலையைச் சாமி கும்பிட்டு முடிச்சதும் அவுத்துருங்க. பிளாஸ்டிக் பூவையும் கேரி பேக்கையும் மாடு தின்னா வெளிய வராது.

உண்ணி மருந்து வேணும்னா இப்பவே வாங்கி அடிச்சிருங்க. பண்டிகை அன்னைக்கு அடிச்சிட்டு உடனே ஆத்துல குளிப்பாட்டினா மருந்தும் வீண், தண்ணியும் கெடும். காலையில பாலைக் கறந்துட்டு, வெயில் ஏறினப்புறம் தாமிரபரணிக்குக் கூட்டிட்டுப் போங்க. நிறைமாசச் சினை மாட்டைப் படித்துறையில இறக்க வேண்டாம், வழுக்கும். அதை வீட்டுலயே குழாயடியில கழுவிருங்க.

பற்று வச்சிருக்கவங்க பொங்கலுக்குள்ள அடைக்கணும்னு இல்ல. சொசைட்டி பட்டுவாடா வந்ததும் பாதியாவது குடுத்தாப் போதும், எனக்கும் மில்லுக்குப் பணம் அனுப்பணும்.

புதன் ராத்திரி 9 வரைக்கும் கடை உண்டு. வியாழன், வெள்ளி லீவு. சனிக்கிழமை காலையில 6 மணிக்குத் திறந்திருவேன். லீவு ரெண்டு நாளும் அவசரம்னா கடைக்குப் பின்னாடி வீட்டுக் கதவைத் தட்டுங்க, அக்கா எடுத்துக் குடுப்பா.

பொங்கலோ பொங்கல்!