மொழியியல் முதுகலைப் பட்டப்படிப்புக்கான நோக்க அறிக்கை

அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் உயராய்வு மையத்தின் சேர்க்கைக் குழுவினருக்கு,

நான் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் உள்ள ஒரு நீதவான் நீதிமன்றத்தில் பதினோரு வருடங்களாகச் சிங்களம் - தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். எங்கள் நாட்டில் இந்தப் பதவியை முதலியார் என்பார்கள். சாட்சிக்குச் சத்தியம் செய்து வைப்பதும், சாட்சி சொல்வதை நீதிமன்றத்தின் மொழிக்குக் கொண்டுவருவதும், கேள்வியைச் சாட்சியின் மொழிக்குத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நீதிமன்றப் பதிவு தமிழில் நடக்கிறது. ஆகவே ஒரு சிங்களச் சாட்சி இரண்டு மணி நேரம் பேசினாலும், ஏட்டில் ஏறுவது அவருடைய சொற்கள் அல்ல, என்னுடையவை. எங்கள் மன்றத்தில் ஒலிப்பதிவு கிடையாது. அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று பிறகு யாராவது கேட்டால், காட்டுவதற்கு என் தமிழ் மட்டும்தான் இருக்கும்.

இந்த விண்ணப்பத்துக்குக் காரணம் 2023 மார்ச்சில் நடந்த ஒரு விசாரணை. ஆட்களையும் ஊரையும் அடையாளம் காட்டாமல் சொல்கிறேன்.

லொறியிலிருந்து சீமெந்துப் பை இறக்கும் இடத்தில் ஒரு தகராறு. கடையின் காசாளர் லொறியின் பின்பலகையிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பை இறக்கிய சிங்களத் தொழிலாளி மீது, தண்டனைச் சட்டக்கோவையின் 316ஆம் பிரிவின் கீழ், வேண்டுமென்றே பாரதூரமான காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. அந்த இளைஞருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுச் சாட்சியம் சொன்னார். சம்பவம் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன வாக்கியம் இதுதான்:

“மகே அதின் எயாவ தல்லு வுணா.”

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “நான் அவரைத் தள்ளிவிட்டேன்” என்றேன். தட்டெழுத்தாளர் அதை அடித்தார்.

குறுக்கு விசாரணையில் முறைப்பாட்டுத் தரப்புச் சட்டத்தரணி எழுந்து, “தள்ளிவிட்டேன் என்று நீரே ஒப்புக்கொண்டீர் அல்லவா?” என்றார். அதை நான் “தல்லு களா” என்று சிங்களத்தில் கேட்டேன். இளைஞரின் முகம் மாறியது. “நே, மம தல்லு களே நே. தல்லு வுணா” என்றார். இப்போது என் வாயிலிருந்து, “இல்லை, நான் தள்ளவில்லை, தள்ளுப்பட்டது” என்று வந்தது. ஏட்டில் பார்த்தால் அது ஒரு முரண்பாடு. பத்து நிமிடத்துக்கு முன் ஒப்புக்கொண்டவர் இப்போது மறுக்கிறார். சட்டத்தரணி நீதவானைப் பார்த்தார், நீதவான் குறிப்பெழுதப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் முதலிலிருந்து கடைசி வரை ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார். மாறியது நான்.

நான் எழுந்து, “ஐயா, ஒரு திருத்தம். முரண்பாடு சாட்சியுடையது இல்லை, என்னுடையது” என்றேன்.

சிங்களத்தில் பல வினைகளுக்கு இரண்டு உருவம் உண்டு. ‘கடனவா’ என்றால் ஒருவர் உடைப்பது. ‘கெடெனவா’ என்றால் அது உடைவது. ‘கபனவா’ வெட்டுவது, ‘கெபெனவா’ வெட்டுப்படுவது. ‘தல்லு கரனவா’ தள்ளுவது, ‘தல்லு வெனவா’ தள்ளுப்படுவது. இதுவரை நமக்குப் புதிதில்லை. உடைத்தேன் - உடைந்தது, உருட்டினேன் - உருண்டது என்று தமிழிலும் தன்வினை, பிறவினை இருக்கின்றன. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. தமிழில் ‘கண்ணாடி உடைந்தது’ என்று சொன்னால் ஆள் வாக்கியத்தைவிட்டுப் போய்விடுகிறார். சிங்களத்தில் ஆள் போவதில்லை. ‘மகே அதின்’ என்று முன்னால் வந்து நிற்கிறார். செயல் அவரால் நடந்தது, ஆனால் அவர் எண்ணிச் செய்ததாக வாக்கியம் சொல்லவில்லை. செய்தவர் இருக்கிறார், எண்ணம் இல்லை. அந்த இடத்தில் உட்காரத் தமிழ் வாக்கியத்தில் எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

அன்று இரவு நான் தேடிப் பார்த்த மாற்றுகளை அப்படியே தருகிறேன். ‘மகே அதின்’ என்பதற்கு நேர்ச்சொல் ‘என் கையால்’. ஆனால் தமிழில் ‘என் கையால்’ என்றால் அர்த்தம் தலைகீழ். “என்ர கையாலதான் உனக்குச் சாவு” என்று மிரட்டுகிற மொழி இது. சொல்லுக்குச் சொல் போட்டிருந்தால் அந்த இளைஞரை இன்னும் ஆழமாகப் புதைத்திருப்பேன். ‘கை தவறித் தள்ளிவிட்டேன்’ என்றால் தவறு என்ற ஒப்புதலும் சமாதானமும் சேர்ந்து வருகின்றன. அவர் இரண்டையும் சொல்லவில்லை. ‘என் கை பட்டு அவர் விழுந்தார்’ என்பது காதுக்கு நல்ல தமிழ், எண்ணமும் இல்லை. ஆனால் கை பட்டதற்கும் தள்ளுப்பட்டதற்கும் உள்ள விசை வேறுபாடு காணாமற் போகிறது, அது முறைப்பாட்டாளருக்கு அநியாயம். ‘என்னால் தள்ளுப்பட்டார்’ என்று யாரும் பேசுவதில்லை. நான் முதலில் சொன்ன ‘தள்ளிவிட்டேன்’ எல்லாவற்றிலும் மோசம். தள்ளினேன் என்பதோடு நிற்காமல், அந்த ‘விட்டேன்’ காரியத்தைச் செய்து முடித்த தோரணையையும் கொண்டுவந்துவிட்டது. வாயில் வந்த ஒரு துணைவினை, சட்டம் தேடிக்கொண்டிருந்த ‘வேண்டுமென்றே’யை அவர் சார்பில் ஒப்புக்கொடுத்தது.

நான் மன்றில் இதை விளக்கத் தொடங்கியதும் சட்டத்தரணி ஆட்சேபித்தார். முதலியார் மொழிபெயர்க்கிறாரா, சாட்சி சொல்கிறாரா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி, இன்றும் என்னிடம் இருக்கிறது. சிங்களத்தில் இந்த வினையைச் சொல்கிறவர் எல்லாரும் நிரபராதி இல்லை. வேண்டுமென்று செய்தவரும் ‘தல்லு வுணா’ என்று சொல்லி ஒதுங்கலாம். அதைத் தீர்ப்பது நீதவானின் வேலை. ஆனால் தீர்ப்பதற்கு அந்தத் தெளிவின்மை அவர் மேசைக்கு வந்து சேர வேண்டும். நான் வழியிலேயே அதைத் தீர்த்து வைத்திருந்தேன். கடைசியில் நீதவான், சாட்சியின் சிங்கள வாக்கியத்தை ஒலிப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, கீழே என் இரண்டு மொழிபெயர்ப்பையும் பதியச் சொன்னார். வழக்கின் முடிவு இதனால் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். வேறு சாட்சிகளும் இருந்தார்கள்.

அடுத்த நாளே ஒரு கொப்பி வாங்கினேன். இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது. பெயர், வழக்கிலக்கம், திகதி எதுவும் அதில் இல்லை. சிங்கள வினை, நான் கொடுத்த தமிழ், பிறகு யோசித்துக் கொடுத்திருக்க வேண்டிய தமிழ், அவ்வளவுதான். ‘மட கியவுணா’ அடிக்கடி வருகிறது. எனக்கு எண்ணமில்லாமலே சொல்லப்பட்டது என்பது அதன் கிட்டத்தட்ட அர்த்தம். ‘வாய் தவறிச் சொன்னேன்’ என்று பல வருடம் மொழிபெயர்த்து வந்திருக்கிறேன். அங்கேயும் ஒரு ‘தவறி’யை நான் சேர்த்திருக்கிறேன்.

கொப்பியின் பின்பக்கம் தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போகும் வழி. அங்கே சிக்கல் வேறு மாதிரி. எங்கள் பக்கத்துச் சாட்சி ஒருவர் “அவர் எனக்குப் பேசினவர்” என்றால், அவர் என்னைத் திட்டினார் என்று அர்த்தம். சாதாரணமாகப் பேசுவதற்கு நாங்கள் ‘கதைக்கிறது’ என்போம். சிதம்பரத்தில் இதே வாக்கியத்தைக் கேட்பவருக்கு, அவர் எனக்காகப் பரிந்து பேசினார் என்று படக்கூடும். அவதூறா ஆதரவா என்பது கேட்பவரின் ஊரைப் பொறுத்திருக்கிறது. தமிழுக்குள்ளேயே இப்படி என்றால், தமிழ்ப் பதிவு மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்குப் போய் ஆங்கிலமாகும்போது என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இளைஞரின் வாக்கியம் மூன்றாம் மொழிக்குப் போகும்போது, அதில் ‘மகே அதின்’ இருந்த தடயமே இருக்காது.

என்னிடம் உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து என்ன செய்வது என்ற பயிற்சி இல்லை. என் பட்டம் தமிழ் இலக்கியத்தில். ‘-படு’ பற்றி நான் எழுதிய குறிப்புகளை இப்போது படித்தால் குழப்பம் தெரிகிறது: தள்ளுப்பட்டார், வெட்டுப்பட்டார், அடிபட்டார் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். அடிபட்டார் என்பதில் செய்தவரே தேவையில்லை, வாகனத்திலும் அடிபடலாம். தள்ளுப்பட்டார் என்பதில் யாரோ ஒருவர் இருப்பது போல் எனக்குப் படுகிறது. இது எல்லாத் தமிழருக்கும் அப்படியா, திருகோணமலைக் காதுக்கு மட்டும் அப்படியா? இதை எப்படிச் சோதிப்பது, எத்தனை பேரிடம், எந்த மாதிரியான வாக்கியங்களைக் கொடுத்துக் கேட்பது? ‘விடு’, ‘போடு’ போன்ற துணைவினைகள் ஒரு வாக்கியத்துக்கு எண்ணத்தை ஏற்றுகின்றனவா, முடிவை மட்டும் ஏற்றுகின்றனவா? “தெரியாமல் தள்ளிவிட்டேன்” என்றும் சொல்கிறோமே. சிங்கள வினை வகைகளைப் பற்றி ஜேம்ஸ் கெயர் எழுதியவற்றில் கிடைத்ததைப் படித்தேன். பாதியில் கலைச்சொற்கள் என்னைத் தடுத்தன. பொருண்மையியலும் தொடரியலும் முறையாகப் படித்தால்தான் இதற்கு மேல் போக முடியும்.

தங்கள் துறையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறையில் விவரித்த சுசீந்திரராசா தன் முனைவர் ஆய்வை 1960களில் அண்ணாமலையில்தான் செய்தார். இலங்கைத் தமிழைப் பிழைத் தமிழ் என்று ஒதுக்காமல் ஒரு வகையாக எடுத்துப் படித்த இடத்துக்கு வரவேண்டும் என்பது என் விருப்பம். மற்றத் திராவிட மொழிகளில் இந்த எண்ணமில்லா வினை எப்படி இருக்கிறது என்பதையும் அங்கே இருந்தால் கேட்டு அறியலாம். ஆய்வேட்டுக்கு நான் மனத்தில் வைத்திருப்பது இதுதான்: எண்ணமில்லாச் செயலைச் சொல்லும் சிங்கள வாக்கியங்களை நானே ஆக்கி, இரு மொழியும் தெரிந்தவர்களிடம் தமிழாக்கச் சொல்லி, அந்தத் தமிழை மட்டும் வேறு தமிழர்களிடம் காட்டி, ‘இவர் வேண்டுமென்று செய்தாரா?’ என்று கேட்பது. உண்மையான வழக்கு எதையும் தொட மாட்டேன். கொப்பிகள் எனக்கு வழிகாட்டி மட்டுமே.

இரண்டு வருடச் சம்பளமற்ற விடுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். திணைக்களம் கொள்கையளவில் சம்மதித்திருக்கிறது. படிப்பு முடிந்ததும் அதே மேசைக்குத் திரும்பிப் போவேன். புதிதாக வேலைக்குச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முதல் வாரத்தில் இப்போது சத்திய வாசகத்தையும் சட்டச் சொற்பட்டியலையும் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலில் எல்லாமே பெயர்ச்சொற்கள். ஒரு வினைகூட இல்லை. வினைகளுக்கென்று சில பக்கங்கள் எழுதிச் சேர்க்க வேண்டும், சரியாக எழுத வேண்டும்.

நேர்முகத்துக்கு அழைத்தால் மூன்று கொப்பிகளையும் கொண்டுவருகிறேன்.