பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ‘மீளெழுத்து’: பங்களிப்பாளர்கள் தேவை

பாமினியிலோ டிஸ்கியிலோ தட்டச்சு செய்த வேர்டு கோப்பு ஒன்று உங்களிடமும் எங்காவது இருக்கும். முனைவர் பட்ட ஆய்வேடு, சிற்றிதழின் பழைய இதழ்கள், அச்சுக்குப் போன புத்தகத்தின் கடைசிப் பிரதி என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் பொருளற்ற எழுத்துகளும் குறிகளும் மட்டுமே தெரியும். உள்ளே இருக்கும் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

இந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கட்டற்ற மென்பொருள்தான் மீளெழுத்து. நானும் நண்பர் ஒருவரும் பைதானில் எழுதி வருகிறோம். அப்பாச்சி 2.0 உரிமத்தில் மூலநிரல் முழுவதும் திறந்திருக்கிறது. அடிப்படை மாற்றி வேலை செய்கிறது. இனி செய்ய வேண்டியதை இரண்டு பேரால் முடிக்க முடியாது, முடித்தாலும் நன்றாக இருக்காது. அதனால் ஐந்தாறு பேரைத் தேடுகிறோம்.

மாற்றிகள்தான் ஏற்கெனவே நிறைய இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஓப்பன்-தமிழ் நூலகத்திலேயே பல குறியேற்றங்களுக்கான அட்டவணைகள் உண்டு, அவற்றைத் திரும்ப எழுதும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்கள் அக்கறை இரண்டு விஷயங்களில். முதலாவது, `.docx` கோப்பைக் கொடுத்தால் தலைப்பு, அடிக்குறிப்பு, அட்டவணை, தடித்த எழுத்து எதுவும் குலையாமல் `.docx` கோப்பாகவே திரும்ப வர வேண்டும். இரண்டாவது, மாற்றிக்கு உறுதியில்லாத இடங்களை அது மறைக்கக் கூடாது. ‘இந்த 14 இடங்களை ஒரு முறை பாருங்கள்’ என்று பயனரிடம் பட்டியல் கொடுக்க வேண்டும். முந்நூறு பக்க நூலில் பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது முழு நூலையும் மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைக் குறைப்பதற்காகத்தான் இந்தத் திட்டமே.

உறுதியில்லாத இடங்கள் எப்படி வருகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று முடிவெடுக்க இது உதவும். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகின்றன. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வரும். யூனிகோடில் மெய் முதலில், குறி பிறகு. இந்த இடமாற்றம் எளிது. சிக்கல் இங்கே தொடங்குகிறது:

```
nrhy;      சொல்
njspe;j    தெளிந்த
nksdk;     மௌனம்
```

பாமினியில் `s` என்பது ளகரம். ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் அதே `s` தான். `njs` என்று கண்டவுடன் ‘தௌ’ என்று மாற்றிவிட்டால் ‘தெளிந்த’ கெட்டுவிடும். `nks` என்பதை ‘மெள’ என்று விட்டால் ‘மௌனம்’ கெட்டுவிடும். பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரம் என்று உறுதியாகச் சொல்லலாம். வெறும் மெய் வந்தால் சொற்பட்டியலைப் பார்க்க வேண்டும், அதிலும் கிடைக்காவிட்டால் மனிதர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று ரகரமும் காலும். பல எழுத்துருக்களில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால், ‘ர்’ வர வேண்டிய இடத்தில் காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைத்துவிட்டார்கள். தாளில் அச்சானபோது யாருக்கும் தெரியவில்லை. அதை அப்படியே யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் ‘அவர்’ என்ற சொல்லில் U+0BB0 இருக்க வேண்டிய இடத்தில் U+0BBE இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. இணையத்தில் இன்றும் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். காலுக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ தமிழில் வராது என்பதால் இதை விதியாலேயே திருத்தலாம். அதற்கான சோதனைகளை இன்னும் முழுமையாக எழுதவில்லை.

வேர்டு கோப்பின் உள்ளமைப்பு இதைவிடப் பெரிய தலைவலி. ஒரே பத்தியில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருக்கும். இரண்டுக்கும் குறியெண்கள் ஒன்றே, எழுத்துருவின் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும். அந்தப் பெயர் சில சமயம் அந்த உரைத் துண்டின் `w:rFonts` இல் இருக்கும், சில சமயம் பத்தியின் பாணியில் இருக்கும், சில சமயம் `styles.xml` இன் முன்னிருப்பில் இருக்கும். அப்புறம், வேர்டு ஒரே சொல்லைப் பல துண்டுகளாக வெட்டிச் சேமிக்கும். கொம்பு ஒரு துண்டிலும் மெய் அடுத்த துண்டிலும் கிடக்கும். வடிவமைப்பைக் குலைக்காமல் இவற்றை ஒட்டி மாற்றுவதுதான் இப்போது நாங்கள் நிற்கும் இடம்.

சரி, யார் வேண்டும்?

முதலில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் இருவர். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் திட்டத்தின் தரம் இவர்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மாற்றிய பக்கத்தை மூலத்தோடு ஒப்பிட்டு வரிவரியாகப் படிக்கும் பொறுமை வேண்டும். சந்திப்பிழையும் மாற்றியால் வந்த பிழையும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும். மூலத்தில் ஆசிரியர் தவறாக எழுதியிருந்தால் அதைத் திருத்தாமல் விட வேண்டும். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும் இடம் அது. கண்ட பிழைகளை ஒரு விரிதாளில் மூலம், வந்தது, வர வேண்டியது என்று மூன்று நெடுவரிசைகளாக எழுதினால் போதும். அதைச் சோதனையாக மாற்றுவது எங்கள் வேலை. நேரம்: வாரத்துக்கு 2 மணி நேரம், மூன்று மாதங்களுக்கு.

அடுத்து, பைதான் தெரிந்த ஒருவர் அல்லது இருவர். நிபுணராக இருக்க வேண்டாம். ஒழுங்குக் கோவைகளும் `pytest` உம் பழக்கமாக இருந்தால், பிறர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும். `lxml` கொண்டு எக்ஸ்எம்எல் மரங்களில் வேலை செய்திருந்தால் மேலே சொன்ன துண்டுகளை ஒட்டும் பகுதியை முழுவதுமாக உங்களிடமே கொடுத்துவிடுவோம். தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்திருப்பது கட்டாயம், சோதனை தோற்றால் ஏன் தோற்றது என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நேரம்: வாரத்துக்கு 4 முதல் 5 மணி நேரம், நான்கு மாதங்கள். இதைவிடக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு வாரமும் விட்ட இடத்தை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே நேரம் போய்விடும்.

பிடிஎப் கோப்புகளின் உள்ளமைப்பு தெரிந்தவர் ஒருவர். இது ஆராய்ச்சி வேலை, முடிவு என்னவாக வந்தாலும் எங்களுக்குப் பயன்தான். பழைய எழுத்துருக்களில் செய்த சில பிடிஎப்களில் உரையை நகலெடுத்தால் பாமினிக் குறியெண்களே வரும், அவற்றை மாற்றிவிடலாம். வேறு சிலவற்றில் எழுத்துருவின் ஒரு பகுதியை மட்டும் தன்விருப்ப எண்களோடு பொதித்திருப்பார்கள், `ToUnicode` அட்டவணையும் இருக்காது. அங்கே எழுத்து வடிவங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியுமா, அல்லது எழுத்துணரி வழியாகத்தான் போக வேண்டுமா? ஆறு வாரங்களில், வாரம் 3 மணி நேரம் செலவிட்டு, சான்றுகளோடு நான்கைந்து பக்க அறிக்கை எழுதித் தந்தால் அதை வைத்து அடுத்த கட்டத்தை முடிவு செய்வோம்.

உலாவியில் இயங்கும் எளிய முகப்பு ஒன்றும் வேண்டும். கோப்பு பயனரின் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான முடிவு. அதனால் சேவையகம் கிடையாது. பைதானை உலாவியில் இயக்கும் பயோடைடு வழியாக மாற்றியை உலாவிக்குள்ளேயே ஓட்டும் எண்ணம். ஜாவாஸ்கிரிப்டு தெரிந்தவர் ஒரு மாதம் வார இறுதிகளில் உட்கார்ந்தால் முடியும். அவசரமில்லை.

சின்னம் வரைதல், விளம்பரம் ஆகியவற்றுக்கு இப்போது ஆள் வேண்டாம். முதலில் மாற்றி ஒழுங்காக வேலை செய்யட்டும்.

ஊதியம் கிடையாது, எங்களுக்கும் இல்லை. நிதி எதுவும் வாங்கவில்லை. உங்கள் பங்களிப்பின் காப்புரிமை உங்களுடையதாகவே இருக்கும், அதே உரிமத்தில் வெளியாகும். மெய்ப்புப் பார்ப்பவர்களின் பெயர்களும் நிரலாளர்களின் பெயர்களோடு ஒரே பட்டியலில், அகர வரிசையில் வரும். நீங்கள் அனுப்பும் மாற்றங்களை ஐந்து நாட்களுக்குள் பார்த்துப் பதில் சொல்வோம். அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை பல திட்டங்களில் ஆட்களை விரட்டுகிறது, இங்கே அது நடக்க விடமாட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை, உலக நேரம் 13:30க்கு அரை மணி நேரம் பேசுவோம். வர முடியாதவர்கள் குறிப்புகளைப் படித்துக்கொள்ளலாம், முடிவுகள் எல்லாமே எழுத்தில்தான் எடுக்கப்படும். நடுவில் வேலையோ வீட்டுச் சூழலோ மாறினால் ஒரு வரி எழுதிவிட்டு விலகலாம், காரணம் கேட்கமாட்டோம். சொல்லாமல் நின்றுவிட்டால்தான் அந்தப் பகுதி யாரிடமும் போகாமல் தேங்கிவிடும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறோம். சோதனைக்கான கோப்புகள் உங்களுடையவையாகவோ, உரிமையாளரின் எழுத்து அனுமதி பெற்றவையாகவோ, பொதுவுரிமையில் உள்ளவையாகவோ இருக்க வேண்டும். பிறருடைய கடிதங்கள், அலுவலக ஆவணங்கள், வெளிவராத ஆய்வேடுகள் ஆகியவற்றைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றக் கூடாது. ஒருமுறை ஏறினால் அந்தக் கோப்பு கிட் வரலாற்றில் தங்கிவிடும்.

சேர விரும்புகிறவர்கள் `meelezhuthu` களஞ்சியத்தில் ‘சேர்கிறேன்’ என்ற தலைப்பில் ஒரு இஷ்யூ திறந்து மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்த வேலை, வாரத்தில் உண்மையாக எத்தனை மணி நேரம், எப்போது தொடங்கலாம். தன்விவரக் குறிப்பு வேண்டாம். நிரலாளர்கள் முதலில் கீழே உள்ளதை ஓட்டிப் பாருங்கள்:

```
pip install -e .
python -m pytest tests/bamini
```

இப்போது சில சோதனைகள் தோற்கும். அவை இன்னும் தீர்க்காத சிக்கல்கள், உங்கள் கணினியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அதில் ஒன்றை எடுத்து, ஏன் தோற்கிறது என்று இரண்டு பத்தி எழுதி அனுப்பினால் அதுவே நல்ல தொடக்கம். தீர்வு வேண்டும் என்பதில்லை. மெய்ப்புப் பார்க்க வருகிறவர்களுக்கு மூலமும் மாற்றிய வடிவமுமாக இரண்டு பக்கங்கள் அனுப்புவோம். அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆனது, சலிப்பாக இருந்ததா என்று சொன்னால் போதும், பிடித்திருந்தால் தொடரலாம்.

விண்ணப்பங்களை நவம்பர் 30 வரை எதிர்பார்க்கிறோம், வேலை டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். பாமினியும் டிஸ்கியும் முதல் வெளியீட்டில் முழுமையாக வரும், டாப், டாம் குறியேற்றங்கள் அதற்குப் பிறகு. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேறு ஏதாவது எழுத்துருவில் சிக்கிய கோப்புகள் வைத்திருந்தால் அதன் பெயரையும் அந்த இஷ்யூவிலேயே எழுதுங்கள். அடுத்து எதை எடுப்பது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.