லைக் வருது, கல்லாவில் ஒன்றும் தெரியலையே?

திருநெல்வேலி டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரச் செலவு பற்றிக் கேட்ட கேள்விகளும் அவருக்கு எழுதிய பதில்களும்.

மாதம் 8,000 ரூபாய் விளம்பரத்துக்கு, 6,000 ரூபாய் அதைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு. மூன்று மாதம் ஆயிற்று. ஒரு ஆளாவது இதனால் கடைக்கு வந்தாரா?

வந்திருக்கலாம், அண்ணாச்சி. ஆனால் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அந்தப் பையன் தரும் ரிப்போர்ட்டில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் என்றுதான் இருக்கிறது. அதில் கடைப் படியேறியவர் கணக்கு இல்லை. உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஒரு ரீல்ஸுக்கு நாலாயிரம் லைக் வந்ததே?

யார் போட்டது என்று பார்த்தேன். பாதிக்கு மேல் சென்னை, கோயம்புத்தூர், கொஞ்சம் வெளிநாடு. குத்துவிளக்கு பளபளக்கும் வீடியோ எல்லாருக்கும் பிடிக்கும். அதற்காக யாரும் ரயிலேறி வரப்போவதில்லை. பூஸ்ட் பொத்தானை அழுத்தும்போது இடத்தைக் குறிக்காமல் விட்டதன் விளைவு இது. திருநெல்வேலியைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட முடியும். 60 கிலோமீட்டர் போட்டால் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, தூத்துக்குடி எல்லாம் உள்ளே வந்துவிடும். உங்களுக்கு அது போதும்.

எனக்கு வருவது பரம்பரை வாடிக்கை. அவர்களுக்கு எதற்கு விளம்பரம்?

தேவையே இல்லை. ஒரு டம்ளர், ஒரு கரண்டி வாங்க வருபவருக்காகவும் பணம் போடாதீர்கள். சீர்வரிசை வாங்க வருபவர் வேறு. ஒரு வீட்டில் எப்போதோ ஒருமுறை நடக்கும் விஷயம், பெரிய தொகை. வருவதற்கு முன் வீட்டில் நாலு பேர் ஃபோனில் படம் பார்த்துப் பேசுகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் கடைப் படமும் இருந்தால் நல்லது. என்னைக் கேட்டால் விளம்பரம் முழுக்கச் சீர் செட்டுக்கு மட்டும் இருக்கட்டும், விலையும் சேர்த்துப் போடுங்கள். விலையை மறைத்தால் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் போகும் கூட்டம்தான் மிஞ்சும்.

சரி, வந்தவர் அதைப் பார்த்துத்தான் வந்தார் என்று எப்படித் தெரியும்?

விளம்பரத்தைத் தொட்டால் நேராக வாட்ஸ்அப் திறக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு வீட்டு நம்பர் வேண்டாம், தனி நம்பர் ஒன்று. எத்தனை பேர் பேசினார்கள் என்பது அங்கேயே நிற்கும். பில் போடும் தம்பியிடம் ஒரு நோட்டு கொடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் பில் ஆனால் "எப்படித் தெரிந்து வந்தீங்க?" என்று ஒரு கேள்வி, சொந்தக்காரர், போர்டு, ஃபோன் என்று பதிலை அப்படியே எழுதட்டும். சிலர் மறந்திருப்பார்கள், சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதனால் விளம்பரத்தில் மட்டும் சொல்லும் சலுகை ஒன்று வையுங்கள்: "இந்தப் படத்தைக் காட்டினால் குத்துவிளக்குக்குத் தட்டு இலவசம்." ஃபோனை நீட்டுபவரில் பொய் இருக்காது.

எத்தனை பேர் வந்தால் கட்டும்?

உங்கள் கணக்கிலேயே போடுவோம். ஒரு சீர் செட் சராசரி 18,000 ரூபாய், அதில் நிற்பது 15 சதவீதம், அதாவது 2,700 ரூபாய் என்றீர்கள். செலவு 14,000. விளம்பரத்தொகை மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,440. உங்கள் ஜிஎஸ்டி நம்பரை விளம்பரக் கணக்கில் ஏற்றியிருந்தால் அதை உள்வரியாகக் கழிக்கலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஆறு செட் வேண்டும். விளம்பரம் இல்லாமல் வந்திருக்கவே மாட்டாத ஆறு செட். ஏற்கெனவே வரவிருந்தவர் படத்தைக் காட்டித் தட்டு வாங்கிப் போனால், அது உங்களுக்கு நஷ்டம்தான்.

போன மாதத்தைவிட இந்த மாதம் வியாபாரம் கூடியிருக்கிறது. அது விளம்பரத்தால்தான் என்கிறான் பையன்.

ஆடியையும் ஆவணியையும் ஒப்பிட்டால் விளம்பரமே இல்லாமலும் கூடத்தான் செய்யும்! போன வருஷத்து ஆவணியோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டு பில் புத்தகமும் உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

இரண்டு மாதம் பார்த்தும் ஆறு தேறவில்லை என்றால்?

நிறுத்திவிடுங்கள். முகூர்த்தம் நிறைய இருக்கும் மாதங்களுக்கு முன்னால் மட்டும் போட்டுப் பார்க்கலாம், வருஷம் முழுக்க வேண்டாம். கூகுள் மேப்பில் கடைப் பெயர் இருக்கிறதே, அதற்குக் காசே கிடையாது. நேரம் தப்பாக இருக்கிறது, ஞாயிறு திறந்திருப்பது அதில் இல்லை, படங்கள் பழசு. இன்றைக்கே சரி செய்யுங்கள். எத்தனை பேர் அதிலிருந்து ஃபோன் போட்டார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று அதுவே காட்டும். அப்புறம், பையனை நிறுத்துவதற்கு முன் ஃபேஸ்புக் பக்கத்தின் அட்மின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது அவன் பெயரில்தான் இருக்கிறது.