மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்? திருகோணமலையில் டிப்ளோமாவும் பட்டமும்

திருகோணமலையில் கலியாணம் பேசும்போது சம்பளம் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி உத்தியோகம். நிலாவெளி ஹோட்டலில் ஏசி பராமரிக்கும் டிப்ளோமாக்காரர், பிரதேச செயலகத்தில் இருக்கும் பட்டதாரியைவிடக் கூடுதலாக உழைக்கலாம். ஆனாலும் தரகர் முதலில் நீட்டுவது பட்டதாரியின் சாதகத்தை. சீதனப் பேச்சும் அவருக்கு உயரத்திலேயே தொடங்குகிறது.

சமூகவியலாளர் மக்ஸ் வெபர் வர்க்கத்தையும் அந்தஸ்தையும் பிரித்துப் பார்த்தார். சந்தையில் ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு வர்க்கம். ஊர் அவருக்குக் கொடுக்கும் மரியாதை அந்தஸ்து. எங்கள் ஊரில் இவை இரண்டும் விலகி நிற்கும் இடம் இந்த டிப்ளோமா.

ஏன் இந்த விலகல்? கைவேலையை இழிவாகப் பார்க்கும் சாதிய மனப்பான்மை ஒரு காரணம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அதைவிட வலுவானது அரசோடு உள்ள உறவு என்று நினைக்கிறேன். 1945-இல் வந்த இலவசக் கல்வி, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அரச உத்தியோகத்துக்கான வழியைத் திறந்தது. அன்றிலிருந்து பட்டம் என்பது அரசிடம் வேலை கேட்கும் உரிமையாகவே வீடுகளில் பதிந்துவிட்டது. 2017-இல் கிழக்கில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்து போராடினார்கள். அது நியாயம் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. வேலையில்லாத வெல்டரோ எலக்ட்ரீஷியனோ அப்படி உட்கார்ந்தால், "கையில் தொழில் இருக்கே, போய்ச் செய்யேன்" என்பார்கள். பட்டதாரியின் வேலையின்மை நாட்டின் தவறு, டிப்ளோமாக்காரரின் வேலையின்மை அவருடைய சோம்பல்! இந்த வேறுபாடுதான் எனக்குக் கோபம் தருவது.

தொழிற்கல்விக்குள் நுழையும் விதமும் அந்தஸ்தைக் குறைக்கிறது. உயர்தரம் எழுதி, இசட் புள்ளி போதாமல், கம்பஸ் கிடைக்காத பிறகு "சரி, டெக்குக்காவது போ" என்று அனுப்புகிறார்கள். அந்த "காவது" பிள்ளையோடு கூடவே போகிறது. சீனக்குடாப் பக்கம் சீமெந்து ஆலையும் மாவு ஆலையும் துறைமுகமும் இவர்களுடைய கைகளை நம்பியே ஓடுகின்றன என்பது அந்த வீட்டுப் பேச்சில் வருவதே இல்லை.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. தையல், அழகுக்கலை என்றால் வீட்டோடு இருக்கலாம் என்று சம்மதிப்பார்கள். மோட்டார் மெக்கானிசம் படிக்கக் கேட்டால் வீடே எதிர்க்கும்.

தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் டிப்ளோமா 5ஆம், 6ஆம் மட்டங்களில் இருக்கிறது. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமும் 2008-இன் சட்டத்தால் உருவானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 6ஆம் மட்டத்தில் கைதேர்ந்து நிற்பவரைப் பார்த்து, "எப்போ பட்டம் முடிக்கப் போகிறாய்?" என்றுதான் உறவுகள் கேட்கின்றன. ஏணி நீண்டிருக்கிறது, மரியாதை மட்டும் இன்னும் அதன் கடைசிப் படியில்தான் கிடைக்கிறது.