பொருள்: QX40719385526 – இந்தப் பார்சல் முதலில் எங்கே போடப்பட்டது?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம்.

மார்ச் 11 அன்று உங்கள் டெலிவரி ஆள் எங்கள் வீட்டில் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். டிராக்கிங் எண் QX40719385526. அது எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரால் முதலில் அனுப்பக் கொடுக்கப்பட்டது என்பது எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பார்சல் தொலையவில்லை, உடையவில்லை, நான் பணமும் திருப்பிக் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் இணையப் படிவத்தில் இதே கேள்வியை இரண்டு முறை கேட்டும், "உங்கள் பார்சல் வெற்றிகரமாக டெலிவரி செய்யப்பட்டது, புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்று இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது. டெலிவரி ஆனது எனக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டதே நான்தான்.

பார்சல் என் அப்பா பெயருக்கு வந்தது. அவர் போன வருடம் காலமாகிவிட்டார். உள்ளே மடக்கி வைக்கிற ஒரு சின்ன மரச் சதுரங்கப் பலகையும் காய்களும் இருந்தன. கறுப்புக் குதிரை ஒன்று இல்லை, அதற்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தானைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். கடிதம் எதுவும் இல்லை. என் சித்தப்பா மகன், "நீங்கள் ஆர்டர் செய்யாத பொருளை அனுப்பிவிட்டு, உங்கள் பெயரில் அவர்களே போலி விமர்சனம் எழுதிக்கொள்வார்கள், அந்த மாதிரி இருக்கும், விடுங்க அக்கா" என்றான். அப்படி அனுப்புகிறவர்கள் புத்தம்புது மலிவுச் சாமானைத்தான் அனுப்புவார்கள். விளிம்பெல்லாம் தேய்ந்து, ஆணி மாற்றி, குதிரை தொலைந்த பலகையை யார் அனுப்புவார்கள்?

அப்பா இளவயதில் தபால் வழியாகச் சதுரங்கம் ஆடியவர். ஒரு நகர்த்தலுக்கு ஒரு அஞ்சலட்டை, அது போய் பதில் அட்டை வந்தால்தான் அடுத்த நகர்த்தல், ஒரு ஆட்டம் முடிய வருடக்கணக்கில் ஆகும். எதிராளிகளில் யாரோ ஒருவர் இதை அனுப்பியிருக்க வேண்டும், அவருக்கு அப்பா இறந்தது தெரியாது என்று நினைக்கிறேன். அவருக்கு நான் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இனி எண்களுக்கு வருகிறேன். QX என்று தொடங்கும் இந்த வடிவத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, உங்கள் தளத்தில் போட்டால் முதல் வரியே "மார்ச் 4 – கூட்டாளி நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டது" என்றுதான் வருகிறது. எந்தக் கூட்டாளி, எந்த ஊர் என்று ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் இந்தப் பார்சல் எங்கோ பயணம் செய்திருக்கிறது என்பது உறுதி. ஏனென்றால் உங்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தால் உள்ளே ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி, அதன் மேல் வேறொரு லேபிள், வேறொரு எண். உங்கள் லேபிளில் எடை 0.930 கிலோ, உள் லேபிளில் 0.865 கிலோ. ஆக, வழியில் யாரோ இதற்கு மேலுறை போட்டுப் புது எண் ஒட்டியிருக்கிறார்கள்.

உள் லேபிளின் எண் இது:

```
CP068417523NL
```

இது நாடுகளுக்கிடையே போகும் தபால்களுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த வடிவம்: இரண்டு எழுத்து, எட்டு இலக்க வரிசை எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் இரண்டெழுத்து நாட்டுக் குறி. C என்று தொடங்குவதால் பார்சல் வகை. மூன்றாவது இலக்கத்தில் ஈரம் பட்டு மை பரவியிருந்ததால் அது 3-ஆ 8-ஆ என்று முதலில் தெரியவில்லை. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தேன். 3 என்று வைத்தால் சரிபார்ப்பு இலக்கம் 1 வருகிறது, 8 என்று வைத்தால் கூட்டுத்தொகை 173, மீதி 8, விடை 3. லேபிளில் இருப்பதும் 3. அதனால் "எண்ணைத் தவறாகப் படித்திருப்பீர்கள்" என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள்.

NL என்று இருக்கிறதே, நெதர்லாந்து என்று வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குறி எண்ணை வழங்கிய அஞ்சல் துறையைக் காட்டுகிறதே தவிர, அனுப்பியவர் குடியிருக்கும் நாட்டைக் காட்டுவதில்லை. ஒரு நாட்டில் திரட்டிய பார்சல்களை மொத்தமாக இன்னொரு நாட்டு அஞ்சலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நடக்கிறது, அப்போது அந்த இரண்டாவது நாட்டின் எழுத்துகள்தான் எண்ணில் ஏறும். இந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு நான் எந்த ஊருக்கு எழுதுவது?

பெட்டியின் பக்கவாட்டில் சுங்கப் படிவம் வைக்கும் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. பசையோடு ஒட்டிக்கொண்ட, விரல் அகலத் தாள் கீற்று ஒன்று மட்டும் மிச்சம், அதில் CN 23 என்ற அச்சு படிக்கும்படி இருக்கிறது. அந்தப் படிவத்தில் அனுப்புநர் பெயர், முகவரி மட்டுமில்லை, எந்த அலுவலகத்தில் என்றைக்குப் போடப்பட்டது என்று எழுதவே தனிக் கட்டம் உண்டு. மேலுறை போட்டவர்கள்தான் அதை உருவியிருக்க வேண்டும். அது உங்கள் கிடங்கிலோ, உங்கள் கூட்டாளியிடமோ தாளாகவோ ஸ்கேனாகவோ இருக்க வாய்ப்பிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது: மார்ச் 4 அன்று உங்களிடம் இதை ஒப்படைத்த நிறுவனம் எது, எந்த இடத்தில் ஒப்படைத்தது என்று சொல்லுங்கள். அன்றைய ஒப்படைப்புப் பட்டியலில் QX எண்ணுக்குப் பக்கத்தில் முந்தைய எண் பதிவாகியிருக்கும், அது மேலே நான் கொடுத்த CP எண்தானா, இல்லை நடுவில் இன்னொரு எண்ணும் உண்டா என்று பாருங்கள். அப்புறம் அந்தச் சங்கிலியைப் பிடித்துப் பின்னால் போய், முதல் ஸ்கேன் நடந்த ஊரையும் தேதியையும் வாங்கித் தாருங்கள். CN 23 நகல் கிடைத்தால் மற்றது எதுவுமே வேண்டாம்.

அனுப்புநரின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று உங்களுக்கு விதி இருந்தால் அதோடு சண்டை போட மாட்டேன். ஊரும் அஞ்சலகமும் மட்டும் சொல்லுங்கள், அப்பாவின் பழைய அட்டைக்கட்டில் அந்த ஊர் முத்திரையை நான் தேடிக்கொள்கிறேன். அதற்கும் வழியில்லை என்றால், நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், நீங்களே அவருக்கு அனுப்பிவிடுங்கள், அவர் முகவரி என் கண்ணில் படவே வேண்டாம், செலவை நான் ஏற்கிறேன்.

இரண்டு லேபிள்கள், காலிப் பை, அந்தத் தாள் கீற்று ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நான் அவர் மகள் என்பதற்கான ஆவணம் இரண்டின் நகலும் இருக்கின்றன. உறையையும் பெட்டியையும் தூக்கிப் போடவில்லை, உங்கள் ஆள் வந்து பார்க்க வேண்டுமானால் பார்க்கலாம்.

பழைய ஸ்கேன் பதிவுகளைக் கொஞ்ச காலத்தில் அழித்துவிடும் வழக்கம் இருந்தால், இந்த எண்ணின் பதிவை மட்டும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். தேடுவதற்கு எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறேன். இந்தப் புகாரை மட்டும் மூன்றாவது முறையும் தானாக மூடிவிடாதீர்கள், ஒரு மனிதர் படித்துவிட்டு, "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
தேன்மொழி