தமிழ் வாய்மொழித் தேர்வு, ஒன்பதாம் வகுப்பு: ஒரு நிமிடப் பேச்சு

ஆசிரியர்: எல்லாரும் உட்காருங்க. பெயர் கூப்பிட்டதும் வந்து ஒரு சீட்டு எடுக்கணும். யோசிக்க அரை நிமிடம் தருவேன். "தொடங்கு" என்றதும் ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேசணும். மூச்சு வாங்கலாம், தப்பில்லை. ஆனால் "ம்ம்" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. வார்த்தை வராவிட்டால் சொன்னதையே வேறு மாதிரி சொல்லிக்கொண்டே இருங்கள், அடுத்தது தானாக வரும். கட்டுரை நோட்டில் படித்ததை ஒப்பிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் நடப்பதைச் சொன்னாலே போதும். சரி, முதல்ல நீ வாம்மா. என்ன தலைப்பு?

மாணவி: தண்ணீர், மிஸ்.

ஆசிரியர்: நல்லது. தொடங்கு.

மாணவி: வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு குடம் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் போர் தண்ணி, இன்னொன்றில் ஒகேனக்கல் தண்ணி. போர் தண்ணியில் துணி துவைப்போம், பாத்திரம் கழுவுவோம். குடிக்கவும் சோறு ஆக்கவும் ஒகேனக்கல் தண்ணி மட்டும்தான். அதை மாற்றி எடுத்தால் எங்கள் ஆயா திட்டும். ஏனென்றால் ஆயாவின் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது வெற்றிலைக் கறை இல்லை, சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரால் வந்தது. எங்கள் தருமபுரிப் பக்கம் பூமிக்கு அடியில் இருக்கும் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து தண்ணீரில் கலக்கிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்க நல்லதில்லை. பல் உருவாகும் வயதில் குடித்தால் பல்லில் கறை விழும், பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். அதனால்தான் காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து அந்தத் திட்டம். என் தம்பிக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. அவன் சிரிக்கும்போதெல்லாம் ஆயா அவன் வாயைத்தான் பார்க்கும். குழாயில் ஒருநாள் தண்ணி வரவில்லை என்றால் எங்கள் தெருவே பேசுவது அதைப் பற்றித்தான். நன்றி.

ஆசிரியர்: எங்கேயும் நிற்கவே இல்லை. ஒரு கேள்வி. போர் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஆகாதா?

மாணவி: ஆகாது மிஸ். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி ஆவியாகிக் குறையக் குறைய அது பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

ஆசிரியர்: சரியாகச் சொன்னாய். முதல் இரண்டு வரி மட்டும் ரொம்ப வேகம், கடைசி பெஞ்சுக்குக் கேட்டிருக்காது. பத்துக்கு ஒன்பது. அடுத்து நீ வா தம்பி.

மாணவன்: எனக்குக் களி வந்திருக்கிறது, மிஸ்.

ஆசிரியர்: உனக்குத் தெரியாததா? தொடங்கு.

மாணவன்: வணக்கம். கேழ்வரகுக் களி எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் உண்டு. அம்மா முதலில் கொஞ்சம் நொய்யைத் தண்ணீரில் வேகவைக்கும். நொய் வெந்ததும் மாவை மேலே அப்படியே குவித்துக் கொட்டும். உடனே கிளறக் கூடாது. நடுவில் கட்டையால் ஒரு குழி போட்டு, மூடி, மாவு வேகும்வரை விட வேண்டும். அப்புறம் பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டையால் கிண்ட வேண்டும். கட்டி விழக் கூடாது. அது கை வலிக்கும் வேலை, ரொம்ப வலிக்கும், நான் கிண்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன், பாதியிலேயே தோள் வலிக்கும். அப்புறம், களி சூடாக இருக்கும், சூடாக இருக்கும்போதே கையைத் தண்ணியில் நனைத்து உருண்டை பிடிக்க வேண்டும், ஆறிவிட்டால் உருண்டை சரியாக வராது. கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ இருந்தால் போதும், கருவாட்டுக் குழம்பு என்றால் அப்பா இரண்டு உருண்டை கூடச் சாப்பிடுவார். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது. அதற்கு நெல்லைவிடக் குறைவான தண்ணி போதும், அதனால் எங்கள் மானாவாரிக் காட்டில் அதைத்தான் விதைக்கிறோம். மீந்த களியை இரவு தண்ணியில் போட்டுவைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வரலாம். இன்றைக்கும் அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நன்றி.

ஆசிரியர்: நடுவில் வார்த்தை வரவில்லை, தெரிந்தது. ஆனால் கை வலியையும் சூட்டையும் சொல்லிச் சொல்லியே தாண்டிவிட்டாய் பார், அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். குழி எதற்குப் போடுகிறார்கள்?

மாணவன்: கீழே கொதிக்கிற தண்ணி மேலே வந்து மாவு முழுக்க வேக வேண்டும், மிஸ். இல்லாவிட்டால் உள்ளே பச்சை மாவு நிற்கும்.

ஆசிரியர்: உனக்கும் ஒன்பது. "மானாவாரி" என்று வாய் திறந்து சொன்னாய், அந்தச் சொல் பாடப்புத்தகத்தில் இருந்து வரவில்லை, உன் காட்டிலிருந்து வந்தது. அப்படித்தான் பேசணும். அடுத்தது யார்? சீட்டை எடுத்துப் பிரிச்சுப் படி.

மாணவி: மாம்பழம், மிஸ்.

ஆசிரியர்: அரை நிமிடம் யோசி. மற்றவர்கள் பேசாதீங்க.